கடையில் ஒப்படைப்புச் சரக்கு வைத்தல்: விற்காத இருப்பு, விலை, கணக்குத் தீர்க்கும் நாள்

ஒப்படைப்பு விற்பனை என்பது, பொருளைச் செய்தவர் அதைக் கடைக்காரரிடம் விலை வாங்காமல் கொடுத்து வைத்து, விற்றதற்கு மட்டும் பின்னர் பணம் பெறும் முறையாகும். விற்காதது செய்தவரிடமே திரும்பி வரும். வணிகர்கள் இதைக் கன்சைன்மென்ட் என்று சொல்வார்கள். சிறிய கடைத்தெருக்களில் இதற்குத் தனிப் பெயர் எதுவும் இல்லை. "வச்சுட்டுப் போங்க, வித்தா பணம் தர்றேன்" என்ற ஒரு வரியே அங்கு ஒப்பந்தமாகி விடுகிறது.

அந்த ஒரு வரியில் மூன்று செய்திகள் விடுபட்டிருக்கின்றன. விற்காத சரக்கு எந்த நாள் வரை கடையில் இருக்கும், அதற்குப் பிறகு அது யாருடையது என்பது முதலாவது. ஒரு பொருளுக்கு எவ்வளவு கைக்கு வரும் என்பது இரண்டாவது. அந்தப் பணம் எந்தக் கிழமை வரும் என்பது மூன்றாவது. கடைக்காரரிடம் ஒப்படைப்பு முறையை முன்மொழிபவர் இந்த மூன்றையும் தாமே எழுதிக்கொண்டு போக வேண்டும். கடைக்காரர் எழுத மாட்டார். எழுதாமல் இருப்பதில் அவருக்கு இழப்பு எதுவும் இல்லை.

இக்கட்டுரை காரைக்கால் பகுதியை, குறிப்பாகத் திருநள்ளாற்றுக் கடைத்தெருவை வைத்து இம்முறையை விளக்குகிறது. புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த காரைக்கால், நிலப்பக்கம் முழுவதும் தமிழ்நாட்டால் சூழப்பட்டது. திருநள்ளாற்றுச் சனீசுவரர் சன்னதிக்குச் சனிக்கிழமைதோறும் வெளியூர்க் கூட்டம் வருகிறது. சனிப்பெயர்ச்சி நடந்த 2020 திசம்பர் 27, 2023 திசம்பர் 20 போன்ற நாள்களில் அது பெருங்கூட்டமாகும். வாரத்தில் ஒரு நாள் நிரம்பி வழிந்து மற்ற நாள்களில் ஓய்ந்திருக்கும் கடைத்தெருவில் கடைக்காரர் முன்பணம் போட்டுப் புதுச் சரக்கு எடுக்கத் தயங்குவது இயல்பு. ஒப்படைப்பு முறைக்கு அங்கு இடம் இருப்பதும், அதன் கெடுக்களை அந்தச் சனிக்கிழமையைப் பார்த்தே குறிக்க வேண்டியிருப்பதும் இதனால்தான்.

இரண்டு வகை ஒப்படைப்பு

வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோல் தெரிந்தாலும், சட்டத்தின் கண்ணில் ஒப்படைப்பு இரண்டு வகைப்படும்.

முதல் வகையில் கடைக்காரர் முகவர். பொருள் கடைசிவரை செய்தவருடையது. கடைக்காரர் அவர் சார்பில் விற்று, தம் கமிஷனைக் கழித்துக்கொண்டு மீதியைத் தருகிறார். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இந்த உறவை ஆள்கிறது. முகவர் கேட்கும்போது கணக்குக் காட்ட வேண்டும் என்று அதன் 213-ஆம் பிரிவும், தமக்குச் சேர வேண்டியதைக் கழித்துக்கொண்டு, வாங்கிய பணத்தை முதல்வருக்குச் செலுத்த வேண்டும் என்று 218-ஆம் பிரிவும் சொல்கின்றன. கடைக்காரருக்கும் ஓர் உரிமை உண்டு. வேறு மாதிரி பேசியிராவிட்டால், தமக்கு வர வேண்டிய கமிஷனும் செலவும் தீரும்வரை சரக்கைத் திருப்பித் தராமல் நிறுத்தி வைக்கலாம் என்கிறது 221-ஆம் பிரிவு.

இரண்டாம் வகை, விற்பனை அல்லது திருப்பல். இதில் கடைக்காரர் வாங்குபவர்தான், ஆனால் இன்னும் வாங்கவில்லை. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் 24-ஆம் பிரிவில் இதைப் பேசுகிறது. கடைக்காரர் பொருளை ஏற்றுக்கொண்டதாகச் சொன்னாலோ, தம்முடையது போல அதை விற்றாலோ அந்த நொடியில் அது அவருக்கு விற்கப்பட்டதாகிறது. எதுவும் சொல்லாமல் வைத்திருந்தாலும், குறித்த கெடு முடிந்ததும் அது அவருக்கு விற்கப்பட்டதாகவே ஆகும். கெடு குறிக்கவில்லை என்றால் "நியாயமான காலம்" கழிந்த பின் அவ்வாறு ஆகும்.

அந்த "நியாயமான காலம்" என்பதில்தான் சிறு உற்பத்தியாளர்கள் சிக்கிக்கொள்கிறார்கள். நியாயமான காலம் 30 நாளா, 6 மாதமா என்பதைச் சொல்ல ஒரு நீதிமன்றம் வேண்டும். சில ஆயிரம் ரூபாய்ச் சரக்குக்காக யாரும் நீதிமன்றத்துக்குப் போவதில்லை. கெடுத் தேதியைத் தாளில் எழுதிவிட்டால் அந்தக் கேள்வியே எழாது. முழு ஏற்பாட்டிலும் ஒரே ஒரு சொல்லைத்தான் எழுத முடியும் என்றால், அது விற்காத சரக்கின் கெடுத் தேதியாக இருக்க வேண்டும் என்பேன்.

எந்த வகையைத் தேர்ந்தெடுப்பது என்பது கடையைப் பொறுத்தது. கணினியில் பில் போடும் பெரிய கடையில் எந்தப் பொருள் என்ன விலைக்குப் போனது என்பதற்குப் பதிவு இருக்கும். அங்கு கமிஷன் முறை சரிப்படும். கோயில் தெருவின் சிறு கடையில் பில் இருக்காது, பேரம் இருக்கும். 150 ரூபாய்ப் பொருள் ஒருவருக்கு 150-க்கும் மற்றவருக்கு 130-க்கும் போகும். அங்கு "விற்ற விலையில் 30 விழுக்காடு" என்று பேசினால், விற்ற விலை என்ன என்பதே தீராத வழக்காகி விடும். அத்தகைய கடையில் "ஒன்றுக்கு எனக்கு இவ்வளவு" என்று நிகர விலை பேசி, விற்பனை அல்லது திருப்பல் முறையில் வைப்பதே நல்லது. கீழே வரும் எடுத்துக்காட்டு இந்த வகையைச் சேர்ந்தது.

ஓர் எடுத்துக்காட்டு

திருமலைராயன்பட்டினத்தில் சுடுமண் பொம்மை செய்யும் ஒரு பெண்மணி, திருநள்ளாற்றில் ஒரு பரிசுப்பொருள் கடையை அணுகுவதாகக் கொள்வோம். ஆளும் கடையும் கற்பனை. பொருள், உள்ளங்கை அளவுள்ள வண்ணமிட்ட யானை பொம்மை. 100 பொம்மை வைக்க நினைக்கிறார். மண், சூளை விறகு, வண்ணம், அட்டைப்பெட்டி, தம் கூலி எல்லாம் சேர்த்து ஒரு பொம்மைக்கு அடக்கம் 80 ரூபாய். தம் கூலியை இதில் சேர்க்காமல் விடுவது பலர் செய்யும் பிழை. சேர்க்காவிட்டால் கணக்கில் இலாபம் தெரியும், வீட்டில் பணம் இருக்காது.

கடையில் விற்கும் விலை 150 ரூபாய். கடைக்காரர் பங்கு 30 விழுக்காடு என்றால் 45 ரூபாய். செய்தவருக்கு நிகரமாக 105 ரூபாய். ஒரு பொம்மைக்கு 25 ரூபாய் மிஞ்சுவதுபோல் தோன்றும். ஆனால் ஒப்படைப்பில் இலாபத்தை ஒரு பொம்மையை வைத்துப் பார்க்கக் கூடாது, கட்டு முழுவதையும் வைத்துப் பார்க்க வேண்டும். 100 பொம்மையின் அடக்கமான 8,000 ரூபாயும் முதல் நாளே கடையில் போய் உட்கார்ந்துவிடுகிறது. அந்த 8,000 திரும்பி வர 77 பொம்மை விற்க வேண்டும். 76 வரை விற்றாலும் போட்ட பணம் முழுதாகக் கைக்கு வரவில்லை.

கடைக்காரர் 40 விழுக்காடு கேட்டால் நிகர விலை 90 ரூபாயாகும். அப்போது 89 பொம்மை விற்றால்தான் போட்ட பணம் திரும்பும். பத்து விழுக்காடு விட்டுக்கொடுப்பது, கூடுதலாக 12 பொம்மை விற்றுக் காட்டுவதாக உறுதி சொல்வதற்குச் சமம். இந்த எண்ணைத் தெரிந்துகொண்டு போனால், கடைக்காரர் பேரம் பேசும்போது எங்கே நிற்பது என்பது தெரியும்.

இதோடு ஒப்பிட வேண்டிய இன்னொரு விலை, ரொக்க விலை. அதே 100 பொம்மையை இன்றே பணம் கொடுத்து எடுத்தால் என்ன விலைக்குத் தருவார்? 95 ரூபாய்க்குத் தரலாம். மொத்தம் 9,500 ரூபாய், விற்காத கவலை இல்லை, உடைசல் இல்லை. கடைக்காரரிடம் இரண்டு விலையையும் சொல்வது நல்லது: ரொக்கமானால் 95, வைத்து விற்றால் 105. இடையில் உள்ள 10 ரூபாய், செய்தவர் சுமக்கும் காத்திருப்புக்கான கூலி என்பது கடைக்காரருக்குப் புரியும். சிலர் அங்கேயே 20 பொம்மையை ரொக்கத்துக்கு எடுத்து, மீதியை ஒப்படைப்பில் வைக்கச் சொல்வதும் உண்டு. அது நல்ல அறிகுறி. தம் பணம் கொஞ்சம் உள்ளே இருக்கும் சரக்கைக் கடைக்காரர் கண்ணுக்குத் தெரியும் தட்டில் வைப்பார்.

விலையில் இன்னொரு முடிச்சு உண்டு. அதே பொம்மையைச் செய்தவர் தம் வீட்டு வாசலில் 110 ரூபாய்க்கு விற்றால், 150 ரூபாய்க்கு விற்கும் கடைக்காரர் ஏமாந்தவராகிறார். வெளியில் 150-க்குக் குறைத்து விற்பதில்லை என்று செய்தவர் உறுதி தர வேண்டும். பதிலுக்கு, கடைக்காரர் 130 ரூபாய்க்குக் கீழே போவதில்லை என்று பேசிக்கொள்ளலாம். நிகர விலை முறையில் அந்தத் தள்ளுபடி கடைக்காரரின் பங்கிலிருந்தே போவதால் செய்தவருக்கு உடனடி இழப்பு இல்லை. ஆனால் ஒரு கடையில் 100 ரூபாய்க்குப் போகும் பொம்மையை அடுத்த கடை 150-க்கு வைக்க ஒப்பாது.

பெட்டியில் அடைத்து விற்கும் சோப்பு, ஊதுபத்தி, தின்பண்டம் போன்றவற்றில் இந்த நெகிழ்ச்சி குறைவு. அவற்றின் மேல் அதிகபட்ச சில்லறை விலையை அச்சிட வேண்டும், அதற்கு மேல் கடைக்காரர் விற்க முடியாது. தின்பண்டமானால் விற்காத இருப்புக்கான கெடுவைப் பொருளின் ஆயுளே குறித்துவிடும். பதினைந்து நாளில் கெட்டுப்போகும் எள்ளுருண்டைக்கு இரண்டு மாதக் கெடு எழுதுவதில் பொருளில்லை. அதைப் பத்தாம் நாள் எடுத்து வந்துவிட வேண்டும்.

கணக்குத் தீர்க்கும் நாளும் எடுத்து வரும் நாளும்

ஒப்படைப்பில் இரண்டு வகைத் தேதிகள் உண்டு. விற்றவரை பணம் வாங்கும் நாள் ஒன்று. அது திரும்பத் திரும்ப வரும். விற்காததை எடுத்து வரும் நாள் மற்றொன்று. அது ஒரே ஒருமுறை வரும். பலர் இரண்டையும் சேர்த்து "ரெண்டு மாசத்துல முடிச்சுக்கலாம்" என்று விட்டுவிடுகிறார்கள். அப்படி விட்டால் இரண்டு மாதமும் பணம் வராது. இரண்டு மாதம் கழித்து எத்தனை விற்றது என்பது யாருக்கும் நினைவிருக்காது.

திருநள்ளாற்றில் கணக்குத் தீர்க்க ஏற்ற நாள் திங்கட்கிழமை. சனி, ஞாயிறு விற்பனை முடிந்து கடைக்காரரிடம் பணம் இருக்கும், கூட்டம் இராது, உட்கார்ந்து எண்ண நேரம் கிடைக்கும். வெள்ளிக்கிழமை கேட்டால் "நாளைக்கு யாவாரம் இருக்கும்மா, அப்புறம் வாங்க" என்பதே பதிலாக இருக்கும். முதன்முறை முன்மொழியப் போவதற்கும் இதே விதிதான். சனிக்கிழமை பையோடு போய் நிற்பவரிடம் பேச யாருக்கும் நேரமில்லை. காரைக்கால் நகரத்துக் கடையானால் நாள் வேறுபடும். ஆனி மாதப் பௌர்ணமியையொட்டி நடக்கும் மாங்கனித் திருவிழாவுக்குச் சரக்கு வைத்தால், திருவிழா முடிந்த முதல் வாரத்திலேயே கணக்கைத் தீர்த்துவிடுவது நல்லது.

நம் எடுத்துக்காட்டில் சூன் 1, திங்கட்கிழமை, 100 பொம்மையை இறக்குகிறார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை திங்கட்கிழமை கணக்கு. சூலை 31 கெடு. கணக்கு எடுக்கும் முறை எளியது. விற்றது எத்தனை என்று கேட்பதில்லை, இருப்பது எத்தனை என்று இருவரும் சேர்ந்து எண்ணுகிறார்கள். முன் இருப்பிலிருந்து இன்றைய இருப்பையும் உடைசலையும் கழித்தால் மீதி விற்றது.

உடைசலுக்கு ஒரு விதி முன்கூட்டியே வேண்டும். கடையில் உடைந்ததற்குக் கடைக்காரர் அடக்கவிலை 80 ரூபாய் தர வேண்டும், ஆனால் உடைந்த துண்டைக் காட்ட வேண்டும் என்பது இங்கே பேசப்பட்டது. துண்டு இல்லாமல் பொம்மை மட்டும் குறைந்தால் அது விற்றதாகவே கணக்கு. திருட்டுக்கும் மறதிக்கும் இந்த ஒரு விதி போதும். இறக்கும்போதே உடைந்திருந்தது என்ற வாதம் வராமல் இருக்க, முதல் நாள் கடைக்காரர் முன்னால் பெட்டியைப் பிரித்து எண்ணிக் கொடுக்க வேண்டும்.

சூன் 15 அன்று எண்ணும்போது 86 இருக்கின்றன. விற்றது 14, வர வேண்டியது 1,470 ரூபாய். சூன் 29 அன்று இருப்பு 62, உடைசல் 2. விற்றது 22. அதற்கு 2,310, உடைசலுக்கு 160, ஆக 2,470 ரூபாய். சூலை 13 அன்று இருப்பு 42, உடைசல் 1, விற்றது 19. வர வேண்டியது 2,075 ரூபாய். சூலை 27 அன்று இருப்பு 26, உடைசல் 1, விற்றது 15. வர வேண்டியது 1,655 ரூபாய். நான்கு முறையும் சேர்த்து 7,670 ரூபாய் வந்திருக்கிறது.

அன்றே அந்த 26 பொம்மையையும் எடுத்து வந்துவிடுகிறார். கெடுவுக்கு இன்னும் நான்கு நாள் இருக்கிறது. அந்த நான்கு நாள் மழைக்கும் கடையடைப்புக்கும் விட்ட இடைவெளி. இப்போது அவர் நிலை என்ன? போட்ட 8,000-இல் 330 ரூபாய் இன்னும் வர வேண்டும், ஆனால் கையில் 26 பொம்மை இருக்கிறது. வண்ணம் மங்கியதைத் தொட்டுச் சரிசெய்து வேறு கடையில் வைத்தால் அவையே அவர் இலாபம். எடுத்து வராமல் விட்டிருந்தால் நிலைமை வேறு. சட்டப்படி சூலை 31-க்குப் பின் 26 பொம்மையும் கடைக்காரர் வாங்கியதாகும், அவர் 2,730 ரூபாய் தர வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பொம்மை இனிச் செய்தவருடையது அல்ல. அந்தக் கடை கடனில் மூழ்கினால் பொம்மையைத் திருப்பிக் கேட்க முடியாது, மற்றக் கடன்காரர்களோடு வரிசையில் நிற்க வேண்டும். கெடுவைத் தாளில் எழுதுவது பாதுகாப்பு. கெடுவுக்குள் போய் எடுத்து வருவது அதைவிடப் பெரிய பாதுகாப்பு.

முன்மொழிவுத் தாள்

பேச்சு முடிந்ததும் நீட்டுவதற்கு ஒரு பக்கத் தாள் போதும். இரண்டு பிரதி வேண்டும். வக்கீல் நடை வேண்டாம், அதைக் கண்டாலே சிறு கடைக்காரர்கள் கையெழுத்திடத் தயங்குவார்கள். மேற்கண்ட ஏற்பாட்டுக்கு இப்படி எழுதலாம்:

"ஐயா, தங்கள் கடையில் 100 சுடுமண் யானை பொம்மைகளைச் சூன் 1 அன்று, விற்பனை அல்லது திருப்பல் முறையில் வைக்க விரும்புகிறேன். ஒரு பொம்மைக்கு எனக்குச் சேர வேண்டியது 105 ரூபாய். கடையில் விற்கும் விலை 150 ரூபாய், 130-க்குக் குறையாமல் விற்கக் கேட்டுக்கொள்கிறேன். நானும் வெளியில் 150-க்குக் குறைத்து விற்க மாட்டேன். சூன் 15, 29, சூலை 13, 27 ஆகிய திங்கட்கிழமைகளில் காலை 11 மணிக்கு வந்து, தங்கள் முன்னிலையில் இருப்பை எண்ணி, விற்றவரை பணம் பெற்றுக்கொள்வேன். கடையில் உடைந்தவற்றுக்குத் துண்டைக் காட்டி 80 ரூபாய் தர வேண்டும். விற்காதவற்றைச் சூலை 31-க்குள் என் செலவில் எடுத்துக்கொள்வேன். தாங்களும் அதற்குள் எந்த நாளிலும் திருப்பித் தரலாம். அந்நாள்வரை திருப்பித் தராதவை தாங்கள் வாங்கியதாகக் கொள்ளப்படும். விலை தீரும்வரை அல்லது விற்கும்வரை பொம்மைகள் என் உடைமை."

இதில் கடைக்காரருக்குப் பிடிக்கும் வரி, எந்த நாளிலும் திருப்பித் தரலாம் என்பது. அதை அழுத்திச் சொல்ல வேண்டும். அவர் பெரும்பாலும் மறுக்கும் வரி, உடைசல் பற்றியது. "புள்ளைங்க கைய வச்சு ஒடச்சா நான் என்னம்மா பண்றது?" என்பார். "அண்ணே, நூத்துல ரெண்டு ஒடஞ்சா என் கணக்கு, அதுக்கு மேலன்னா உங்க கணக்கு" என்று சொல்லிப் பார்க்கலாம். நம் எடுத்துக்காட்டில் அவ்வாறு விட்டுக்கொடுத்திருந்தால் இழப்பு 160 ரூபாய்தான். கெடுத் தேதியையும் கணக்கு நாளையும் அப்படி விட்டுக்கொடுக்க முடியாது.

தாளோடு ஒரு சலான் புத்தகமும் வேண்டும். ஒவ்வொரு முறை சரக்கு இறக்கும்போதும் தேதி, எண்ணிக்கை, "விற்பனை அல்லது திருப்பலுக்கு, விற்பனை அல்ல" என்ற வரி, கடைக்காரர் கையெழுத்து. நடுவில் பத்து பொம்மை கூடுதலாகக் கொடுத்தால் அதற்கும் தனிச் சலான், தனிக் கெடு. பழைய சரக்கில் புதுச் சரக்கைக் கலந்துவிட்டால் எதன் கெடு எது என்பது தெரியாமல் போகும். ஏற்பாடு குலைவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். நன்றாக விற்கும் கடைக்கே நாம் எழுதாமல் அள்ளிக் கொடுக்கிறோம்.

குலைவதன் அறிகுறிகள்

கணக்கு நாளன்று கடைக்காரர் ஒருமுறை இல்லாமல் போவது இயல்பு. அடுத்தடுத்து இரண்டு முறை தவறினால், எண்ணுவதை மட்டுமாவது கடைப் பையனோடு முடித்து, எண்ணிக்கையை அன்றே கைப்பேசியில் கடைக்காரருக்கு எழுதி அனுப்ப வேண்டும். மறுப்பு வராத அந்தச் செய்தி பின்னால் கணக்காக நிற்கும்.

எண்ணத் தொடங்கும்போது பொம்மை கீழ்த் தட்டிலோ பெட்டிக்குள்ளோ இருந்தால் அது இரண்டாவது அறிகுறி. ஒப்படைப்புச் சரக்கில் கடைக்காரர் பணம் முடங்கவில்லை, ஆதலால் பணம் போட்டு வாங்கிய சரக்கே முன்வரிசைக்கு வரும். இதற்குச் சண்டை போடுவதில் பயனில்லை. நூறை நாற்பதாகக் குறைத்து, விற்க விற்க நிரப்புவதே வழி. இரண்டு வாரத்தில் ஏறக்குறைய இருபது விற்கும் கடைக்கு நூறு பொம்மை எதற்கு? இரண்டாம் கட்டை வைக்கும்போது நம் பெண்மணி 40-உடன் தொடங்கினால், முடங்கும் பணம் 8,000-லிருந்து 3,200 ஆகக் குறையும், விற்பனை பெரிதாகக் குறையாது.

மூன்றாவது அறிகுறி, எண்ணிக்கை சரியாக இருந்தும் பணம் பாதியாக வருவது. ஒருமுறை பாக்கி வைத்தால் எழுதிக் கையெழுத்து வாங்கலாம். பாக்கி தீராமல் புதுச் சரக்கு கேட்டால் கொடுக்கக் கூடாது. பொம்மையை வாங்கிப் போன யாத்திரிகரிடமிருந்து அதைத் திரும்பப் பெற எந்த வழியும் இல்லை. நல்லெண்ணத்தோடு கடையில் வாங்கியவருக்கு அது சொந்தம். மிஞ்சுவது கடைக்காரரிடம் கேட்கும் பணம் மட்டுமே.

எல்லையும் வரியும்

காரைக்காலுக்கு மட்டும் உரிய ஒரு சிக்கல் உண்டு. திருமலைராயன்பட்டினத்திலிருந்து திருநள்ளாற்றுக்குப் பொம்மை போவது ஒரே ஒன்றியப் பகுதிக்குள் நடப்பது. ஏறக்குறைய 130 கிலோமீட்டர் தள்ளி, கடலூர், சிதம்பரம், சீர்காழி வழியாகத் தமிழ்நாட்டைக் கடந்து வர வேண்டிய வில்லியனூர்ச் சுடுமண் பொம்மையும், விற்பனைக் கணக்கில் அதே ஒன்றியப் பகுதியைச் சேர்ந்ததுதான். ஆனால் வாஞ்சூர் எல்லையைத் தாண்டினால் வந்துவிடும் நாகூரிலிருந்து யாரேனும் அதே கடைக்குக் கொடுத்தால், அது வேறு மாநிலத்திலிருந்து வரும் சரக்கு. ஜிஎஸ்டி சட்டத்தில் சட்டமன்றம் உள்ள புதுச்சேரி தனி மாநிலமாகவே கணக்கிடப்படுகிறது.

இந்த வேறுபாடு சிறு உற்பத்தியாளரைத் தொடுகிறது. பொருள் மட்டும் விற்பவர் ஜிஎஸ்டியில் பதிய வேண்டிய ஆண்டு விற்றுமுதல் வரம்பு தமிழ்நாட்டில் 40 இலட்சம், புதுச்சேரியில் 20 இலட்சம். ஆனால் வரிக்குரிய பொருளை மாநிலம் கடந்து விற்றால் இந்த வரம்பு பொதுவாகப் பொருந்தாது, சிறு தொகைக்கும் பதிவு வேண்டும். நாகூரில் சோப்பு செய்பவர் காரைக்கால் கடையில் சோப்பு வைக்கப் பதிவு பெற்றாக வேண்டும் என்பது இதன் விளைவு. அறிவிக்கையில் பட்டியலிட்ட கைவினைப் பொருள்களுக்கு விலக்கு உண்டு. அவற்றைச் செய்பவர் வரம்புக்குள் இருந்தால் பதிவின்றி மாநிலம் கடந்து விற்கலாம். பான் எண் வேண்டும், சரக்கின் மதிப்பு எவ்வளவு சிறியதானாலும் மின்வழிச் சீட்டு எடுக்க வேண்டும். மண் பானை, மண் அகல் போன்றவற்றுக்கு வரியே இல்லாததால் அவற்றுக்கு இந்தத் தொல்லை எழுவதில்லை.

ஏற்கெனவே பதிவு பெற்றவர் விற்பனை அல்லது திருப்பலுக்குச் சரக்கு அனுப்பினால் இன்னொரு கெடு சேர்கிறது. அனுப்பும்போது சலான் போதும், விற்றதும் வரிப்பில் போட வேண்டும். விற்காவிட்டாலும் அனுப்பிய நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் பில் போட்டாக வேண்டும் என்பது மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 31-ஆம் பிரிவு. ஆறு மாதம் கடையில் தூசி படிந்து கிடந்த பொம்மைக்கும் வரி கட்ட நேரிடும். இரண்டு மாதக் கெடு எழுதி, நாள் தவறாமல் போய் எடுத்து வருபவருக்கு இந்தப் பிரிவு குறுக்கே வருவதில்லை.